ஓய்வுபெறும் வார்ட் சிஸ்டருக்குப் பிரியாவிடை உரை: தொடக்கத்திலிருந்து கடைசி வரி வரை

கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் மருத்துவ வார்டில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். தமிழில் எழுத வரும் என்று யாரோ சொல்லிவிட, முதல் பிரியாவிடை உரை என் தலையில் விழுந்தது. அதன்பிறகு ஏழு எழுதிவிட்டேன். மற்றவர்கள் எழுதிக்கொண்டு வந்ததைத் திருத்திக் கொடுத்தது அதைவிடக் கூட.

அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல்நாள் இரவு வெள்ளைத் தாளோடு உட்காருகிறார்கள். சொல்வதற்கு விஷயம் இல்லாததால் அர்ப்பணிப்பு, தியாகம், தாயுள்ளம் என்று வார்த்தை வருகிறது. அந்த உரையைப் பக்கத்து வார்ட் சிஸ்டருக்கும் அப்படியே வாசிக்கலாம். அதனால் இந்த வழிகாட்டியில் எழுதுவது கடைசியில்தான் வருகிறது.

உதாரணமாக வரும் சிஸ்டர், நான் உரை எழுதிய இருவரைக் கலந்து செய்த ஆள். வருடங்களையும் மாற்றியிருக்கிறேன். டெங்குச் சம்பவத்தில் வரும் பிழை மட்டும் அசல், அது என்னுடையது.

## 1. முதலில் நேரத்தையும் ஆட்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

வார்டைப் பூட்டிவிட்டு விழா வைக்க முடியாது. காலை ஷிஃப்ட் ஏழிலிருந்து ஒரு மணி, பின்னேரம் ஒன்றிலிருந்து ஏழு, பிறகு இரவு. இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் ஒன்றாக நிற்கும் நேரம் ஒரு மணிக்கு முன்னும் பின்னும் மட்டும்தான். விழாவைப் பன்னிரண்டரைக்கு வைத்தால் காலை ஆட்களும் இருப்பார்கள், பின்னேரக்காரர் கொஞ்சம் முந்தி வந்து சேர்ந்துகொள்வார்கள். அப்போதும் இரண்டு மூன்று பேர் நோயாளிகளோடு நிற்க வேண்டும். அவர்கள் பாதியில் ஆள் மாறி வருவார்கள்.

இதனால் உங்களுக்குக் கிடைப்பது நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் போகும். ஆகவே முந்நூறிலிருந்து நானூறு சொல். இந்த எண் தெரியாமல் எழுதத் தொடங்கியவர்கள் ஆறு பக்கம் எழுதி, மேடையில் நின்று பக்கம் தாவுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேறு யார் பேசுகிறார்கள் என்றும் கேளுங்கள். கன்சல்டன்ட் கிளினிக்குக்கு ஓட வேண்டியவர், அதனால் அவரை முதலில் விடுவார்கள். மேட்ரன் சேவைக்காலம், பதவி உயர்வு எல்லாம் சொல்வார். அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். வார்டுக்குள் நடந்ததை வேறு யாரும் சொல்லப் போவதில்லை, அது உங்கள் பங்கு.

## 2. இரண்டு கிழமைக்கு முன்பே ஆட்களிடம் கேட்டுத் திரட்டுங்கள்

இரண்டு கிழமை என்பதற்குக் காரணம் ரோஸ்டர். அந்த இடைவெளிக்குள் இரவு ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரையும் ஒரு முறையாவது பிடித்துவிடலாம். சிஸ்டரைப் பற்றிய நல்ல கதைகள் இரவுக்காரரிடமும் அட்டெண்டன்மாரிடமும்தான் இருக்கின்றன. புதியவர்கள் டொக்டர்களிடம் போகிறார்கள். டொக்டர்கள் வருவார்கள், போவார்கள். படுக்கை விரிப்பு எண்ணும் அட்டெண்டன் பதினைந்து வருடமாக அங்கேயே நிற்கிறார்.

“சிஸ்டரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “நல்ல மனுசி” என்ற பதில்தான் வரும், அதோடு கதை முடிந்துவிடும். நான் கேட்பது இந்த மூன்று:

சிஸ்டர் லீவில் நிற்கிற நாளில் வார்டில் எது பிழையாகிப்போகும்? உங்களை அவர் கடைசியாக எதற்கு ஏசினார்? அவர் செய்வதைப் பார்த்து நீங்களும் செய்யத் தொடங்கிய பழக்கம் எது?

முதல் கேள்விக்கு ஒரு அட்டெண்டன் சொன்ன பதில்: “சிஸ்டர் இல்லாட்டி ஒட்சிசன் சிலிண்டர் சாவி எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.” அது ஏன் என்று விசாரித்துப் போனேன். சாவியை அலுமாரியில் வைத்தால் இரவில் தேட நேரம் போகும் என்று, அதை ஒரு பட்டியில் கட்டி சிலிண்டர் ட்ரொலியிலேயே அவர்தான் தொங்கவிட்டிருந்தார். அவர் லீவில் நின்றால் யாரோ அதைக் கழற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். இந்த மாதிரி ஒரு துண்டு, “பொறுப்புணர்ச்சி” என்ற சொல்லைவிட நூறு மடங்கு வேலை செய்யும்.

கேட்டதை அன்றைக்கே, அவர் சொன்ன வார்த்தையிலேயே கொப்பியில் எழுதிவிடுங்கள். நாளைக்கு எழுதினால் உங்கள் வார்த்தையாகிவிடும்.

## 3. வருடக் கணக்கைக் காகிதத்தில் சரிபாருங்கள்

நான் எழுதிய முதல் உரையில் “இருபத்தைந்து வருடம் ஒரே வார்டில் இடைவிடாமல்” என்று வாசித்தேன். முன்வரிசையில் இருந்த மேட்ரன் சத்தமாகவே, “இடையில நாலு வருசம் எங்களோட தியேட்டரில இருந்தவ” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். அதன்பிறகு நான் வாசித்த எதையும் யாரும் முழுதாக நம்பியிருக்க மாட்டார்கள்.

அரச தாதியர் ஒரே வார்டில் தொடர்ச்சியாக இருப்பது குறைவு. இடமாற்றம் வரும், பயிற்சிக்குப் போவார்கள், சிஸ்டராகத் திரும்பி வருவார்கள். மேட்ரன் அலுவலகத்தில் கேட்டு வந்த திகதி, போன திகதி, திரும்பிய திகதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி இருந்தால் அதை மறைக்க வேண்டாம். விட்டுப் போய்த் திரும்பி அதே வார்டைக் கேட்டு வாங்கினார் என்றால், இருபத்தைந்து வருடத்தைவிட அதுதான் பெரிய செய்தி.

## 4. ஒரு சம்பவத்தைத் தெரிந்தெடுங்கள், ஒன்றே ஒன்றை

கொப்பியில் இப்போது இருபது துண்டு இருக்கும். எல்லாவற்றையும் சேர்க்கத்தான் மனம் வரும். நாலு நிமிடத்தில் ஒரு சம்பவத்துக்குத்தான் இடம் உண்டு. மிச்சத்தில் இரண்டு மூன்று, ஒவ்வொரு வரியாக வந்து போகலாம்.

எதைத் தெரிந்தெடுப்பது? நான் பார்ப்பது இரண்டு விஷயம். சிஸ்டரின் கை ஏதாவது செய்ய வேண்டும், அதாவது எடுத்தார், தொட்டார், கோடு போட்டார் என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தச் செயலுக்குப் பிறகு வார்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கவும் வேண்டும்.

எங்கள் சிஸ்டருக்கு நான் எடுத்தது 2017 டெங்கு. அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். ஜூலையில் எங்கள் வார்டில் கட்டிலுக்கு இடையிலும் பாய் போட்டிருந்தோம். அச்சடித்த சார்ட் முடிந்துபோய், வெள்ளைத் தாளில் ரூலரால் கோடு போட்டு மணிக்கு மணி பிரஷர் எழுதினோம்.

டெங்கு ஆபத்தான கட்டத்துக்குப் போகும்போது இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது. அப்போது மேல் பிரஷர் உடனே விழாது. கீழ் பிரஷர் ஏறி மேலதை நெருங்கும். இரண்டுக்கும் இடையில் 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் நோயாளி ஷொக்கில் இருக்கிறார். அச்சடித்த சார்ட்டில் இந்த இடைவெளிக்கென்று ஒரு நிரல் உண்டு. நான் கையால் கீறிய தாளில் அதை விட்டுவிட்டேன். நாலு மணிக்கு 110/70, ஐந்துக்கு 108/76, ஆறுக்கு 106/82 என்று எழுதி, பிரஷர் நல்லாய்த்தான் இருக்கிறது என்று அடுத்த கட்டிலுக்குப் போனேன். இடைவெளி 40, 32, 24 என்று இறங்கியதை நான் காணவில்லை. சிஸ்டர் கண்டார்.

இந்த மாதிரிச் சம்பவத்தில் அடுத்த தடுக்கல் வைத்தியப் பாஷை. எங்கள் ஹவுஸ் ஒஃபிசர் ஒருவர், 50 கிலோ ஆளுக்கு 48 மணித்தியாலத்துக்கு 4600 மில்லிலீட்டர் என்ற நீர்க் கணக்கைச் சிஸ்டர் மனதாலேயே போடுவார், அதையும் சேருங்கள் என்றார். உண்மைதான், வார்ட் ஆட்கள் ரசிப்பார்கள். ஆனால் சிஸ்டரின் கணவரும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு எண்ணை விளங்கப்படுத்தலாம், இரண்டு முடியாது. நான் இடைவெளியை வைத்துக்கொண்டு நீர்க் கணக்கை விட்டேன்.

## 5. நோயாளியை அடையாளம் தெரியாமல் வையுங்கள்

பெயர் மட்டும் விட்டால் போதாது. கட்டில் நம்பர், ஊர், வேலை, இறந்த திகதி எல்லாம் அடையாளம்தான். வார்ட் ஆட்களுக்கு “அந்த பஸ் கண்டக்டர்” என்றாலே யாரென்று தெரிந்துவிடும். “ஜன்னலோரக் கட்டிலில் ஒரு இளைஞர்” என்பதே போதும். பழைய பெட் ஹெட் டிக்கெட்டை எடுத்து விவரம் தேடப் போகாதீர்கள், அது அதற்கான ஆவணம் இல்லை. நோயாளி இறந்த சம்பவத்தை நான் எடுப்பதே இல்லை. அங்கே நிற்கும் இன்னொருவருக்கு அந்த இரவு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும்.

## 6. ஏச்சை ஒளிக்காதீர்கள்

ஒரு சிஸ்டர் இருபது வருடம் வார்டை நடத்தியிருக்கிறார் என்றால் ஏசித்தான் இருப்பார். “ஒருநாளும் முகம் சுளிக்காதவர்” என்று வாசித்தால் பின்வரிசை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். ஏச்சைச் சொல்லுங்கள், ஆனால் அதன் காரணத்தோடு சொல்லுங்கள். “சிரிஞ்சை ட்ரேயில் மூடாமல் வைத்ததற்கு என்னை அழவைத்தவர்” என்பது குற்றச்சாட்டு. “மூடாத ஊசி ஒன்று அட்டெண்டனின் கையில் குத்திய நாளிலிருந்து, ட்ரேயைப் பார்க்காமல் அவர் யாரையும் வீட்டுக்குப் போக விட்டதில்லை” என்பதில் அதே கோபம்தான் இருக்கிறது, கூடவே அன்பும் தெரிகிறது. ஏச்சு வாங்கியவர் நீங்களாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இன்னொருவர் வாங்கியதை மேடையில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

## 7. எந்த மொழியில் எவ்வளவு என்று முடிவெடுங்கள்

கொழும்பு வார்டில் இது சின்னக் கேள்வி இல்லை. சிஸ்டர் தமிழ், குடும்பம் தமிழ், சக தாதியரில் முக்கால்வாசி சிங்களம். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு மொழியிலும் சொன்னால் நேரம் இரண்டு மடங்காகும், சிரிப்பு இரண்டு முறை செத்துப்போகும்.

நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். நான் தமிழில் என் சம்பவத்தைச் சொல்வேன். ஒரு சிங்களத் தோழி வேறு சம்பவம் ஒன்றைச் சிங்களத்தில், இரண்டு நிமிடத்தில் சொல்வார். மொழிபெயர்ப்பு கிடையாது. என் உரைக்குள் எல்லாருக்கும் விளங்கும் ஒரு வரியை மட்டும் வைப்பேன். எங்கள் சிஸ்டர் ஊசி போடும்போது எந்த நோயாளியானாலும் “நோகுதா, ரிதெனவாத” என்று இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்பார். அந்த வரி வந்ததும் வார்ட் முழுக்கச் சேர்ந்து சொன்னது.

## 8. இப்போது எழுதுங்கள்

ஒழுங்கு இப்படி: இன்றைய நாளில் தொடங்கி, வருடங்களை மூன்று வரியில் கடந்து, சம்பவத்துக்குள் போய் அங்கேயே பாதி நேரம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. கடைசியில் மறுபடியும் இன்றைய நாள். “பெருமதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களே” என்ற பட்டியலை அறிவிப்பாளர் சொல்லியிருப்பார், திரும்பச் சொல்ல வேண்டாம். நான் வாசித்த உரை இது.

“சிஸ்டர், இன்று காலை ஏழு மணிக்குக் கடைசி முறையாகச் சாவிக்கொத்தை வாங்கினீர்கள். ஒரு மணிக்கு அதைக் கொடுக்க வேண்டும். அதற்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதில் நாலு நிமிடத்தை எனக்குத் தந்திருக்கிறார்கள்.

1999இல் நீங்கள் இந்த வார்டுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. ஒன்பது வருடம் இங்கே இருந்தீர்கள். பிறகு மூன்று வருடம் பயிற்சி, வேறு வைத்தியசாலை. 2011இல் சிஸ்டராகி, வேறு வார்ட் தருகிறோம் என்றபோது இதையே கேட்டு வாங்கினீர்கள். அதன்பிறகு பதின்மூன்று வருடம்.

2017 ஜூலை. நான் மட்டக்களப்பிலிருந்து வந்து ஒரு வருடம். டெங்கு. நடக்க இடமில்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு இளைஞர், சத்தமில்லாமல் படுத்திருந்தார். மணிக்கு மணி பிரஷர் எடுத்து எழுதினேன். எல்லாம் நல்ல எண்ணாகத்தான் தெரிந்தது. டெங்கில் பிரஷர் கடைசி மட்டும் நல்லாய் இருப்பதுபோல் நடிக்கும். மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்குவதுதான் ஆபத்து. எனக்கு அது படித்த பாடம். அன்று விடிய அது ஞாபகம் வரவில்லை.

ஆறரைக்கு நீங்கள் வந்தீர்கள். ஷிஃப்ட் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம். கைப்பை தோளிலேயே இருந்தது. தாளைப் பார்த்தீர்கள். போர்வையை விலக்கி அவருடைய பாதத்தைத் தொட்டீர்கள். குளிர்ந்திருந்தது. டொக்டரைக் கூப்பிடச் சொன்னீர்கள். பிறகு என்னிடம் சொன்னீர்கள்: ‘பிள்ளை, மேல் எண்ணைப் பார்க்காதையும். இடைவெளியைப் பாரும்.’

ஏசுவீர்கள் என்று நினைத்தேன். கைப்பையை வைத்துவிட்டு ரூலரை எடுத்தீர்கள். நான் கீறிய தாளில் இன்னொரு கோடு போட்டு, மேலே ‘இடைவெளி’ என்று எழுதினீர்கள். மற்ற எல்லாக் கட்டிலின் தாளிலும் நீங்களே அந்தக் கோட்டைப் போட்டு முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தீர்கள். அந்த இளைஞர் ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு ஏசியிருக்கிறீர்கள். மூடாத சிரிஞ்சுக்கு ஏசினீர்கள். நோயாளியின் தலைமாட்டில் நின்று ஃபோன் பேசியதற்கு ஏசினீர்கள். இரண்டையும் நான் திரும்பச் செய்யவில்லை.

இந்த வார்டுக்கு வந்த யாரிடமும் நீங்கள் ஒரு மொழியில் மட்டும் வலியைக் கேட்டதில்லை. நோகுதா, ரிதெனவாத.

சிஸ்டரின் பிள்ளைகளுக்கு: அந்த ஜூலையில் அம்மா இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்திருப்பார். ரூலரும் கையுமாக இங்கே நின்றார். அந்தப் பின்னேரங்கள் உங்களுடையவை. நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சிஸ்டர், ஒரு மணியாகப் போகிறது. மோர்ஃபினை எண்ணி, கொப்பியில் கையெழுத்து வைத்து, சாவியைத் தாருங்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் எண்ணித்தான் வாங்குவோம். நீங்கள் எங்களைப் பழக்கியது அப்படி.”

இதில் “அன்பானவர்” என்ற சொல் எங்கேயும் இல்லை என்பதைப் பாருங்கள். குளிர்ந்த பாதத்தைத் தொட்டதிலும் கோடு போட்டதிலும் அது வந்துவிடுகிறது. வாழ்த்துச் சொல்லி முடிக்காததற்கும் காரணம் உண்டு. நீண்ட ஆயுள், நல்ல சுகம் எல்லாம் அதற்கு முன்பே மூன்று பேர் சொல்லியிருந்தார்கள்.

## 9. சத்தமாக வாசியுங்கள், பிறகு வெட்டுங்கள்

மனதுக்குள் வாசித்தால் நாலு நிமிட உரை இரண்டு நிமிடத்தில் முடியும். நின்றுகொண்டு, ஃபோனில் நேரம் வைத்து, சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டும் வசனத்தை இரண்டாக உடையுங்கள். நேரம் கூடினால் வருடங்களில் வெட்டுங்கள், சம்பவத்தில் கை வைக்காதீர்கள்.

சம்பவத்தில் வரும் ஆட்களிடம் முன்கூட்டியே வாசித்துக் காட்டுங்கள். ஒரு டொக்டர் இருந்தால் எண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பிழையான பிரஷர் ஒன்றை வாசித்தால் அறை முழுக்க அதைத்தான் கவனிக்கும். சிஸ்டரிடம் மட்டும் காட்ட வேண்டாம். “என்னைப் பற்றிக் குறைத்துச் சொல்லும்” என்று எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்.

## 10. அன்றைக்கு

பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடியுங்கள். ஃபோனில் வாசிக்காதீர்கள், வார்டிலிருந்து அழைப்பு வந்தால் உரை மறைந்துவிடும். எனக்கு வந்தது.

நீங்கள் எந்த வரியில் அழுவீர்கள் என்பது வீட்டில் வாசிக்கும்போதே தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் தாளில் ஒரு கோடு போட்டு, அங்கே நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். எனக்கு அது ‘பிள்ளை’ என்ற சொல்.

கடைசி வரி முடிந்ததும் நன்றி வணக்கம் சொல்லி இழுக்காமல் பக்கத்துக்கு நகர்ந்துவிடுங்கள். எங்கள் சிஸ்டர் உடனே எழும்பி, சாவிக்கொத்தோடு அலுமாரிப் பக்கம் போனார். பின்னேர ஷிஃப்ட் பொறுப்பாளரும் கூடப் போனார். இரண்டு பேரும் எண்ணிக் கையெழுத்து வைத்து முடியும் வரைக்கும் கேக் வெட்டப்படவில்லை.